மெழுகுவர்த்தியும் கவிழ்த்த டம்ளரும்: தவறான விளக்கத்தோடு மேடையேறிய பிறகு திருத்தி எழுதிய செய்முறை

தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் வருஷம் தவறாமல் பார்க்கிற சோதனைதான். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக இதைத் தயார் செய்ததில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. உடைந்த டம்ளர்கள் இரண்டு, உதவாமல் போன பாத்திர நார், பிறகு வாங்கிய பீக்கர், மெழுகுவர்த்தி எல்லாம் சேர்த்து 900 ரூபாய்க்குப் பக்கம் செலவு. பணத்தைவிட மனசை உறுத்தியது வேறு. மகள் மனப்பாடம் செய்து சொன்ன விளக்கமே தவறு. அதை எழுதிக் கொடுத்தவன் நான்.

அந்த விளக்கம் உங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும். "சுடர் டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜனை முழுவதும் எரித்துவிடுகிறது. காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு. காலியான அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது." கேட்க அழகாக இருக்கிறது, அளவும் ஏறத்தாழ ஒத்துவருவதுபோல் தெரிகிறது, அதனால்தான் இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. பார்வையிட வந்த ஆசிரியர் ஒருவர் இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு மகளிடம், "ஏம்மா, சுடர் எரியுற வரைக்கும் தண்ணி அப்படியேதானே இருந்துச்சு? அணைஞ்சதுக்கு அப்புறம்தானே சரசரன்னு ஏறுச்சு? ஆக்சிஜன் எரிய எரிய இடம் காலியாகுதுன்னா, எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கணுமே?" என்று கேட்டார். அதட்டலாக இல்லை, உண்மையான ஆர்வத்தோடுதான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். என்னிடமும் பதில் இல்லை. வீட்டில் இருபது தடவை செய்து பார்த்திருந்தும் அந்த ஒன்றைக் கவனிக்காமல் விட்டது எனக்கு இன்றுவரை வருத்தம்தான்.

அதன் பிறகு வீட்டில் முதலிலிருந்து செய்து பார்த்தோம். செய்முறையை எங்கே பிழை வரும் என்பதோடு சேர்த்துச் சொல்கிறேன்.

பாத்திரத்திலிருந்து தொடங்குவோம். முதல் டம்ளர் உடைந்ததற்குக் காரணம், அடிப்பாகம் கனமான சாதாரணக் கண்ணாடி டம்ளருக்குள் உயரமான மெழுகுவர்த்தியை வைத்தது. சுடரின் நுனி டம்ளரின் அடியை ஏறக்குறைய தொட்டது. கனமான கண்ணாடியின் உள்பக்கம் சூடாகி விரியும்போது வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுபறியைச் சாதாரணக் கண்ணாடி தாங்காமல் விரிசல் விடும். இரண்டாவது டம்ளர் சோதனை முடிந்ததும் சூட்டோடு தண்ணீர்த் தொட்டியில் போட்டதால் போயிற்று. அதற்கும் அதே காரணம்தான். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் 600 மில்லி போரோசிலிகேட் பீக்கர் கிடைக்கும். முதலிலேயே அதை வாங்கியிருந்தால் இரண்டு டம்ளர் மிஞ்சியிருக்கும். சூட்டில் அது மிகக் குறைவாகவே விரிவதால் இந்தச் சோதனைக்கு நன்றாகத் தாங்கும். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம். உருகும், சுருங்கும், அளவும் பொய்யாகும்.

தட்டு அகலமாகவும் குழியாகவும் இருக்க வேண்டும். விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளம் போதும். அதில் தண்ணீர் 2 சென்டிமீட்டர் ஆழம் நிற்க வேண்டும். ஆழம் குறைந்தால், தண்ணீர் பீக்கருக்குள் ஏற ஏறத் தட்டில் மட்டம் இறங்கி, விளிம்புக்குக் கீழே காற்று 'குளுக்' என்று நுழைந்துவிடும். பிறகு ஏற்றம் பாதியில் நின்றுவிடும். அந்தச் சத்தம் கேட்டால் அந்த முறை செல்லாது, தண்ணீர் கூட்டி மறுபடி செய்ய வேண்டியதுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. தட்டையான விளிம்புள்ள டம்ளர் தட்டில் அழுந்த உட்கார்ந்தால் தண்ணீர் உள்ளே போக வழியே இருக்காது. ஒத்திகையில் ஒருமுறை தண்ணீர் துளியும் ஏறவில்லை, காரணம் இதுதான். டம்ளரைப் பயன்படுத்தினால் விளிம்புக்கு அடியில் எதிரெதிராக இரண்டு நாணயங்கள் வையுங்கள். பீக்கருக்கு ஊற்றுவதற்கான மூக்கு இருப்பதால் அந்த வேலை மிச்சம். மூக்கு முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மெழுகுவர்த்தி சாதாரண வீட்டு வர்த்தி, விரல் கனம், 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டியது. திரியை அரை சென்டிமீட்டருக்கு நறுக்கிவிடுங்கள். திரி நீளமானால் சுடர் உயர்ந்து கரி படியும், கண்ணாடி கறுத்து உள்ளே நடப்பது தெரியாது. தட்டு ஈரமாக இருந்தால் உருகிய மெழுகு ஒட்டாது. ஆகவே காய்ந்த தட்டில் முதலில் மெழுகுச் சொட்டு விட்டு வர்த்தியை நட்டு, ஆறியபின் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீருக்கு மேல் 3 சென்டிமீட்டர் வர்த்தி நிற்கும், சுடர் இன்னொரு 2 அல்லது 3. பீக்கரின் அடிக்கும் சுடருக்கும் நடுவே 4 சென்டிமீட்டராவது இடைவெளி கிடைக்கும். தண்ணீரில் கேசரி பவுடர் ஒரு சிட்டிகை கலந்தால் மட்டம் தூரத்திலிருந்தும் தெரியும். தரையில் சிந்தினால் கறை போகாது, அடியில் பழைய செய்தித்தாள் விரித்துவிடுங்கள்.

தீ பற்ற வைக்கும் முன் பாதுகாப்பைச் சொல்லிவிடுகிறேன். வர்த்தி ஏற்றுவது, பீக்கரைத் தூக்குவது இரண்டும் பெரியவர் வேலை. பிள்ளை விளக்கட்டும், அளக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றில் சுடர் சாய்ந்து கண்ணாடியின் ஒரு பக்கத்தை மட்டும் சுடும். பின்னலைக் கட்டி முதுகுக்குப் போடச் சொல்லுங்கள். துப்பட்டா, தொங்கும் கைமடிப்பு, நைலான் உடை வேண்டாம், பருத்தி உடை போதும். கைக்குச் சானிடைசர் போட்டிருந்தால் முழுவதும் காயும் வரை நெருப்பருகே வரக் கூடாது. சானிடைசரில் பற்றும் தீ வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, அதுதான் ஆபத்து. அணைத்த தீக்குச்சியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுங்கள், குப்பைக் கூடையில் வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். சுடர் அணைந்த பிறகும் பீக்கரின் மேற்பகுதி சில நிமிஷம் சுடும், காய்ந்த துணியால்தான் பிடிக்க வேண்டும். கை சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பற்பசை, மை, நெய், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். பெரிய கொப்புளம் என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இப்போது சோதனை. பீக்கரைத் தண்ணீரில் கவிழ்த்து வைத்தால் மட்டம் எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே பார்த்து, அந்த இடத்தில் ரப்பர் பேண்ட் போடுங்கள், அதற்குச் சற்று மேலே இன்னொன்றும் போட்டு வையுங்கள். எங்கள் பீக்கரில் அதற்கு மேல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் காற்று இருந்தது. வர்த்தியை ஏற்றி, சுடர் நிலையானதும் பீக்கரைக் கவிழ்த்துச் சுடருக்கு மேலே பிடித்து ஐந்து எண்ணி, நேராக இறக்குங்கள். இறக்கும்போதே விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள், குமிழ்கள் வெளியேறும். நாங்கள் இருபது தடவை பார்த்தும் பார்க்காதது இந்தக் குமிழ்களைத்தான். விளக்கத்தின் பாதி இதிலேயே இருக்கிறது. 10 முதல் 20 விநாடியில் சுடர் சிறுத்து அணையும். அதுவரை மட்டம் பெரிதாக அசையாது. அணையும் தருணத்திலிருந்து தண்ணீர் வேகமாக ஏறும், உள்கண்ணாடியில் பனிபோல் ஈரம் படியும். ஒரு நிமிஷம் பொறுத்து இரண்டாவது ரப்பர் பேண்டைப் புது மட்டத்துக்கு நகர்த்தி அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள்.

ஒரு வர்த்திக்கு எங்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். அதாவது 10 சென்டிமீட்டர் காற்றில் பத்தில் ஒரு பங்கு. பிறகு அதே தட்டில், அதே பீக்கருக்குள், மூன்று வர்த்தி ஏற்றினோம். வர்த்திகளுக்கு நடுவே விரல் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் ஒன்றின் சூட்டில் மற்றது உருகிச் சாயும். இந்த முறை தண்ணீர் 2.3 சென்டிமீட்டர் ஏறியது. உங்கள் எண்கள் வேறாக வரும், எங்களுக்கே ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறியது. கவனிக்க வேண்டியது இதைத்தான்: பீக்கர் மாறவில்லை, உள்ளே இருந்த ஆக்சிஜனின் பங்கும் மாறவில்லை. ஆக்சிஜன் போன இடத்தைத்தான் தண்ணீர் நிரப்புகிறது என்றால் மூன்று வர்த்திக்கும் அதே 1 சென்டிமீட்டர்தான் ஏறியிருக்க வேண்டும். அதுமட்டும் இல்லை. காற்றில் ஆக்சிஜன் மொத்தமே 21 சதவீதம். தண்ணீர் ஏறியதோ 23 சதவீதம். இருப்பதைவிட அதிகமாக எப்படிக் காலியாகும்? அன்று இரவு இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தபோதுதான் அந்த ஆசிரியர் கேட்ட கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது.

நடப்பது இதுதான். சுடருக்கு மேலே பிடிக்கும்போதே பீக்கருக்குள் சூடான காற்று நிறைகிறது. சூடான காற்று விரியும், விரிந்த காற்றில் ஒரு பகுதி குமிழ்களாக வெளியே போய்விடும். ஆக, மூடும் நேரத்திலேயே உள்ளே இருப்பது சூடான, நெருக்கம் குறைந்த காற்று. சுடர் எரியும்வரை சூடு குறைவதில்லை, அதனால் தண்ணீரும் ஏறுவதில்லை. அணைந்ததும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே தட்டுத் தண்ணீரின் மேல் காற்று மண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 1 கிலோ எடை கொண்டு அழுத்திக்கொண்டேதான் இருக்கிறது. அந்த அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. பீக்கர் தண்ணீரை 'உறிஞ்சுகிறது' என்று பிள்ளைகள் சொல்வார்கள், அந்த இடத்திலேயே திருத்துங்கள். தள்ளுவது வெளிக்காற்று.

எவ்வளவு சுருங்கும் என்று பார்க்கலாம். உள்ளே காற்று சராசரியாக 65 டிகிரி சூட்டில் மூடப்பட்டு, பிறகு அறையின் 30 டிகிரிக்கு வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயுக் கணக்கில் 273 கூட்ட வேண்டும். கெல்வின் என்ற அளவில் 338-லிருந்து 303-க்கு. 303-ஐ 338-ஆல் வகுத்தால் 0.90. பத்தில் ஒரு பங்கு சுருக்கம், எங்கள் ஒற்றை வர்த்தி அளவும் அதுதான். மூன்று வர்த்தி கூடுதல் சூடு தரும், கூடுதல் காற்றை வெளியே விரட்டும், ஆகவே கூடுதலாக ஏறும். இதோடு நீராவியும் சேர்கிறது. மெழுகு எரியும்போது உண்டாகும் நீராவி, குளிர்ந்ததும் நீர்த்துளியாகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அது பிடித்திருந்த இடமும் காலியாகிறது. உள்ளே படிந்த பனி அதற்குச் சாட்சி.

அப்படியானால் ஆக்சிஜன் கதையே பொய்யா? இல்லை, அதன் பங்கு மிகச் சிறியது. சுடர் ஆக்சிஜன் முழுவதையும் தீர்ப்பதில்லை. 21 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய 16-க்கு இறங்கும்போதே மெழுகுச் சுடர் அணைந்துவிடும். செலவான அந்த 5 பங்கும் வெறுமனே மறைவதில்லை. மெழுகு எரியும்போது மூன்று பங்கு ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு திரும்ப வருகிறது. 5 போனால் 3-க்கு மேல் திரும்பக் கிடைக்கிறது, நிகர இழப்பு 2-க்கும் குறைவு. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரையும்தான், ஆனால் சில விநாடியில் அத்தனையும் கரைந்துவிடாது. எங்கள் 10 சென்டிமீட்டரில் இது 2 மில்லிமீட்டருக்கும் குறைவான ஏற்றம். மீதி எல்லாம் சூடும் நீராவியும் செய்த வேலை. கவிழ்த்த பாத்திரமும் சுடரும் கொண்ட இந்தச் சோதனையை பைசாந்தியத்துக்காரரான ஃபிலோன் என்ற கிரேக்கப் பொறியாளர் கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே விவரித்திருக்கிறார். அப்போது ஆக்சிஜன் என்ற பெயரே கிடையாது. பெயர் வந்த பிறகு எளிதான விளக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதை வாயால் சொன்னால் யாரும் நம்ப வேண்டியதில்லை, நெருப்பே இல்லாமல் காட்டலாம். பீக்கரில் 60 டிகிரி அளவு வெந்நீர் ஊற்றி அரை நிமிஷம் வையுங்கள். பெரியவர் துணியால் பிடித்து நீரைக் கொட்டிவிட்டு, உடனே தட்டுத் தண்ணீரில் கவிழ்க்க வேண்டும். வர்த்தி இல்லை, ஆக்சிஜன் எதுவும் செலவாகவில்லை, ஆனாலும் தண்ணீர் ஏறும். கொதிநீர் வேண்டாம். சாதாரண டம்ளரில் இதைச் செய்யவும் வேண்டாம்.

ஆக்சிஜன் போனால் உண்மையிலேயே தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று காட்டவும் வழி இருக்கிறது, அதில்தான் எனக்கு ஒரு வாரம் வீணானது. ஈர இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றின் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், பதிலுக்கு எந்த வாயுவையும் விடாது. நான் பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான சுருள் நாரை வாங்கி வைத்தேன். இரண்டு நாளாகியும் ஒன்றும் நடக்கவில்லை. அது துருப்பிடிக்காத எஃகு, பேரே அதுதானே. எரிச்சல் தாங்காமல் இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கி அதே தவற்றை மறுபடி செய்தேன். வாங்க வேண்டியது பெயின்ட் கடையில் மரவேலை மெருகுக்கு விற்கும் மெல்லிய ஸ்டீல் வுல், சோப்பு சேராதது. கையுறை போட்டுக்கொண்டு உருண்டையாகப் பிய்த்து, ஒரு நிமிஷம் வினிகரில் நனைத்து எண்ணெய்ப் பூச்சைப் போக்கி, தண்ணீரில் அலசி உதறுங்கள். ஒடுங்கிய உயரக் கண்ணாடிக் குழாயின் அடியில் அது விழாதபடி அடைத்து, குழாயைத் தட்டுத் தண்ணீரில் கவிழ்த்து ஒரு நாள் விட்டால் மட்டம் மெல்ல ஏறி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் நிற்கும். முதல் நாள் அளந்த அதே நேரத்தில் அளங்கள், அறைச் சூடு மாறினால் அளவும் மாறும். இந்த நாரை மெழுகுவர்த்திக்குப் பக்கத்திலேயே வைக்கக் கூடாது. மெல்லிய இரும்பிழை சட்டென்று பற்றிப் பொறி பறக்க எரியும், பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒருசேரப் பட்டால்கூடப் பற்றிக்கொள்ளும்.

மகளுக்குத் திருத்தி எழுதிய பேச்சு இது. வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். "தட்டில் இருப்பது கலர் தண்ணீர். சுடருக்கு மேல் பீக்கரைப் பிடித்து இறக்கப் போகிறார்கள். விளிம்பைப் பாருங்கள், குமிழ் வருகிறதா? உள்ளே இருந்த காற்று சூடாகி விரிந்து வெளியே போகிறது. இப்போது சுடர் எரிகிறது, தண்ணீர் ஏறுகிறதா? இல்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே இருங்கள். இதோ அணைந்தது, இப்போது பாருங்கள்." இங்கே பத்து விநாடி பேசாமல் நிற்க வேண்டும். தண்ணீர் ஏறுவதைப் பார்க்க விடாமல் பேசிக்கொண்டே போனதும் எங்கள் முதல் முயற்சியின் குறை. பிறகு, "உள்ளே காற்று குளிர்ந்து சுருங்கியது, வெளிக்காற்று தண்ணீரைத் தள்ளியது. ஆக்சிஜன் தீர்ந்ததால் ஏறியது என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள். சரி, இப்போது மூன்று வர்த்தி ஏற்றுவோம். ஆக்சிஜன் அதே அளவுதான். தண்ணீர் கூடுமா, அப்படியே இருக்குமா?" கூட்டம் பதில் சொன்ன பிறகுதான் பற்ற வைக்க வேண்டும். கடைசியில் வெந்நீர் பீக்கர். மூன்று சோதனைக்கும் சேர்த்து ஏழெட்டு நிமிஷம் ஆகும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பீக்கர் முழுவதும் ஆற வேண்டும் என்பதால் இரண்டு பீக்கர் இருந்தால் நிம்மதி. முடிந்ததும் பீக்கரை ஒரேயடியாகத் தூக்காதீர்கள், ஏறிய தண்ணீர் மொத்தமாகச் சரிந்து மேஜையெல்லாம் கேசரிக் கலராகும். ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துக் காற்றை உள்ளே விட்டு, மட்டம் இறங்கிய பிறகு எடுங்கள்.